ஒரே என்ட்ரி, இரண்டு எக்ஸிட்: ட்ரெய்லிங் ஸ்டாப்பா, ஃபிக்ஸட் டார்கெட்டா?

கேள்வி: பழைய உச்சத்தை உடைக்கும்போது வாங்குவதுதான் என் முறை. 5% ஸ்டாப் லாஸ், 10% டார்கெட் வைத்திருக்கிறேன். டார்கெட்டை எடுத்துவிட்டு, விலை ஏற ஏறக் கூடவே மேலே நகரும் ட்ரெய்லிங் ஸ்டாப் வைத்தால் இன்னும் அதிகம் கிடைக்கும் என்கிறார்கள். அதே சிக்னல்களில் இரண்டையும் பழைய விலைகளில் ஓட்டிப் பேக்டெஸ்ட் செய்தேன், ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் வருகிறது. எதை நம்புவது?

பதில்:

நீங்கள் வாங்கிய பிறகு விலை எப்படி நடக்கிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. எக்ஸிட் விதியால் லாபத்தை உருவாக்க முடியாது. என்ட்ரிக்குப் பிறகு அந்தப் பாதையில் ஏதாவது இருந்தால் அதை எடுத்துத் தரும், அவ்வளவுதான். ஏறிய விலை மேலும் ஏறும் குணம் உங்கள் சிக்னலுக்கு இருந்தால் ட்ரெய்லிங் ஜெயிக்கும். கொஞ்சம் ஏறிவிட்டுத் திரும்பும் குணம் இருந்தால் டார்கெட் ஜெயிக்கும். இரண்டும் இல்லையென்றால் எதை வைத்தாலும் ஒன்றுதான். பேக்டெஸ்ட் இந்தக் குணத்தைக் காட்டும், ஆனால் பெரும்பாலானவர்கள் செய்யும் விதத்தில் அது வேறு எதையோ அளந்துவிடுகிறது. அதனால்தான் உங்களுக்குப் பதில் மாறிக்கொண்டே வருகிறது.

முதலில் உங்கள் விதியையே நிஃப்டி 50-இல் இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்போம். முந்தைய உச்சம் உடைந்த விலையிலேயே வாங்கியதாகவும், ஸ்டாப் சொன்ன விலையிலேயே விற்றதாகவும் வைத்துக்கொள்கிறேன். டிவிடெண்ட், செலவு எதையும் சேர்க்கவில்லை.

முதல் சிக்னல் 2015 ஜனவரி. 2014 டிசம்பரில் வந்த 8,627 என்ற உச்சத்தை நிஃப்டி ஜனவரி மூன்றாவது வாரத்தில் உடைத்தது. ஜனவரி கடைசியில் 8,996 வரை போனது. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் 8,470 வரை இறங்கியது. மார்ச் 4 அன்று 9,119 தொட்டது. அதோடு முடிந்தது, மே மாதத்தில் 8,000-க்குக் கீழே வந்துவிட்டது.

இரண்டாவது சிக்னல் 2020 நவம்பர். கொரோனாவுக்கு முன் ஜனவரியில் வந்த 12,430 என்ற உச்சம் நவம்பர் 9 அன்று உடைந்தது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். 2021 அக்டோபரில் 18,604 வரை போய்விட்டு, டிசம்பர் 20 அன்று 16,410 வரை இறங்கியது.

இந்த இரண்டு என்ட்ரிக்கும் நான்கு எக்ஸிட்கள்:

| எக்ஸிட் | 2015 ஜனவரி | 2020 நவம்பர் |
|---|---|---|
| 5% ஸ்டாப், 5% டார்கெட் | +5% | +5% |
| 5% ஸ்டாப், 10% டார்கெட் | −5% | +10% |
| 5% ட்ரெய்லிங் | −1% | +12.8% |
| 10% ட்ரெய்லிங் | −5% | +34.7% |

2020 கட்டத்தை மட்டும் பார்த்தால் 10% ட்ரெய்லிங்தான் உலகத்திலேயே சிறந்த எக்ஸிட். 2015 கட்டத்தில் அதே விதி கையில் இருந்த லாபத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு நஷ்டத்தில் முடிகிறது. 5% டார்கெட் அந்த வருடம் மார்ச் 4 என்ற ஒரே ஒரு நாளின் உச்சத்தில் தப்பித்துப் பணத்தை எடுத்துவிட்டது.

இந்த அட்டவணையில் ஒளிந்திருக்கும் இன்னொன்றையும் பாருங்கள். 2020 டிசம்பர் 21 அன்று, இங்கிலாந்தில் புதிய வகை வைரஸ் என்ற செய்தியில் நிஃப்டி சுமார் 13,777-லிருந்து 13,131 வரை ஒரே நாளில் சரிந்தது. உச்சத்திலிருந்து 4.7% இறக்கம். 5% ட்ரெய்லிங் மயிரிழையில் பிழைத்து, ஜனவரி கடைசி வாரத்தில் 14,016-இல் வெளியே வந்தது. அதே ட்ரெய்லிங்கை 4.5% என்று வைத்திருந்தால் 13,157-இலேயே வெளியேறியிருக்கும், லாபம் 12.8%-க்குப் பதில் 5.8%. 10% ட்ரெய்லிங்கின் கதையும் இதுதான். 2021 நவம்பர் 29 அன்று நிஃப்டி 16,782 வரை இறங்கியது, அன்றைய ஸ்டாப் 16,744. முப்பத்தெட்டுப் புள்ளி வித்தியாசத்தில் தப்பியது. கடைசியில் டிசம்பர் 20 அன்று அதே 16,744-இல்தான் அடித்தது.

ஆக, அரை சதவீதம் மாற்றினால் ரிசல்ட் பாதியாகும் அளவுக்கு ஒவ்வொரு ட்ரேடிலும் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. நான்கைந்து சார்ட்டைக் காட்டி "பாருங்கள், ட்ரெய்லிங்தான் பெஸ்ட்" என்று சொல்பவரை நம்பாமல் இருப்பதற்கு இது ஒன்றே போதும்.

சரி, நிறைய சிக்னல்களை எடுத்து ஓட்டினால் உண்மை தெரிந்துவிடுமா? அதற்கு முன்னால், என்ட்ரியில் எந்தத் திறமையும் இல்லாதபோது இந்த எக்ஸிட்கள் என்ன காட்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் ரிசல்ட்டைப் படிக்கவே முடியாது.

ஏறவும் இறங்கவும் சம வாய்ப்புள்ள ஒரு விலையை நினைத்துக்கொள்ளுங்கள். நாணயம் சுண்டி நகரும் விலை. இதில் 5% ஸ்டாப், 10% டார்கெட் வைத்தால் மூன்றில் ஒரு ட்ரேடு டார்கெட் அடிக்கும், மூன்றில் இரண்டு ஸ்டாப்பில் போகும். சராசரி லாபம் பூஜ்யம். இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

5% ட்ரெய்லிங்குக்கும் இதேபோல் துல்லியமான கணக்கு இருக்கிறது, அதைப் பலர் பார்த்ததில்லை. ட்ரெய்லிங்கில் ஒவ்வொரு புதிய உச்சத்திலும் ஆட்டம் புதிதாகத் தொடங்குகிறது. எந்த உச்சத்தில் நின்றாலும், 5% இறங்கி வெளியேறுவதற்கு முன் இன்னும் எவ்வளவு ஏறும் என்பதன் சராசரி எப்போதும் அதே 5%தான். கணிதத்தில் இதை எக்ஸ்பொனென்ஷியல் பரவல் என்பார்கள். இதிலிருந்து எல்லாம் வந்துவிடும். லாபத்தில் முடியும் ட்ரேடுகள் 37%, அவற்றின் சராசரி லாபம் 5%. நஷ்டத்தில் முடிபவை 63%, அவற்றின் சராசரி நஷ்டம் 2.9%. 10%-க்கு மேல் லாபம் தருபவை நூற்றுக்கு ஐந்தே ஐந்து. மொத்தச் சராசரி இங்கேயும் பூஜ்யம்.

இப்போது யாராவது "ட்ரெய்லிங் வைத்தேன், என் சராசரி லாபம் சராசரி நஷ்டத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு" என்று சொன்னால் பிரமிக்க வேண்டாம். நாணயம் சுண்டினாலே அது வரும். "டார்கெட்டைப் பக்கத்தில் கொண்டுவந்தேன், ஜெயிக்கும் விகிதம் 33-லிருந்து 50 ஆகிவிட்டது" என்பதும் அப்படித்தான். எக்ஸிட் மாறினால் ரிசல்ட்டின் உருவம் மாறும். வின் ரேட், சராசரி லாபம், மிகப்பெரிய ட்ரேடு என்று நாம் ஆசையாகப் பார்க்கும் எண்கள் எல்லாம் அந்த உருவத்தைச் சொல்பவையே. ஒரு ட்ரேடுக்குச் சராசரியாக எவ்வளவு மிஞ்சுகிறது என்பது மட்டும்தான் வேறு செய்தி.

அந்தச் சராசரியிலும் ஒரு பொறி இருக்கிறது. என் கருத்தில் இந்த ஒப்பீட்டில் அதிகம் பேர் விழுவது இங்கேதான்: வைத்திருக்கும் காலம்.

அதே நாணய விலையில், ட்ரெய்லிங் ட்ரேடு ஒன்று சராசரியாக எத்தனை நாள் நீடிக்கும்? ட்ரெய்லிங் தூரத்தை நாளொன்றின் சராசரி அசைவால் வகுத்து, அதை வர்க்கம் செய்தால் போதும். தினம் 1% அசையும் ஒரு குறியீட்டில் 5% ட்ரெய்லிங் என்றால் 25 வர்த்தக நாள். 10% ட்ரெய்லிங் என்றால் 100 நாள். ஸ்டாப்பும் டார்கெட்டும் உள்ள ட்ரேடுக்கு இரண்டு தூரத்தையும் பெருக்க வேண்டும். 5-க்கு 10 என்றால் 50 நாள்.

இந்திய சந்தை போல நீண்ட காலத்தில் ஏறிக்கொண்டே வந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 12% ஏறுகிறது என்று வைத்தால் ஒரு வர்த்தக நாளுக்குச் சுமார் 0.05%. எந்தச் சிக்னலும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாலும், 25 நாள் வைத்திருக்கும் விதி சராசரியாக 1.2% தரும், 50 நாள் விதி 2.4%, 100 நாள் விதி 4.8%. பேக்டெஸ்ட் ரிப்போர்ட்டில் 10% ட்ரெய்லிங் 5% ட்ரெய்லிங்கை நான்கு மடங்கு தோற்கடித்தது போலத் தெரியும். உண்மையில் அது சந்தையில் நான்கு மடங்கு நேரம் இருந்தது, வேறொன்றும் செய்யவில்லை. நாளொன்றுக்கு எல்லாமே ஒரே வருமானம்.

ஆகவே ஒரு ட்ரேடுக்கு எவ்வளவு என்று பார்ப்பதோடு, மொத்த லாபத்தை மொத்தமாக வைத்திருந்த நாட்களால் வகுத்தும் பாருங்கள். அப்புறம் கட்டாயம் ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை வேண்டும். உங்கள் சிக்னல் தேதிகளை எடுத்துவிட்டு, அதே பங்குகளில், அதே காலத்தில், அதே எண்ணிக்கையில் கண்டபடி தேதிகளைத் தேர்ந்தெடுத்து அதே இரண்டு எக்ஸிட்களையும் ஓட்டுங்கள். இதைச் சில நூறு முறை செய்தால் போதும். ட்ரெய்லிங் சிக்னல் தேதியிலும் கண்டபடி தேதியிலும் ஒரே அளவு முன்னால் நின்றால், அந்த முன்னிலை உங்கள் சிக்னலுடையது அல்ல, ஏறும் சந்தையுடையது. அதற்கு ஒரு இண்டெக்ஸ் ஃபண்டே போதுமே.

அடுத்தது, "அதே சிக்னல்கள்" என்ற சொல். உங்கள் பதில் மாறுவதற்கு இதுவே நேரடிக் காரணமாக இருக்கலாம். பெரும்பாலான மென்பொருள்கள் ஒரு பங்கில் ஒரு பொசிஷன்தான் வைத்திருக்கும், கணக்கில் பணம் இருந்தால்தான் அடுத்த சிக்னலை எடுக்கும். டார்கெட் அடித்துச் சீக்கிரம் வெளியே வந்த கணக்கு அடுத்த மாதச் சிக்னலை எடுக்கிறது. ட்ரெய்லிங் கணக்கு இன்னும் பழைய ட்ரேடில் இருப்பதால் அந்தச் சிக்னலைத் தவறவிடுகிறது. இரண்டு மாதம் போனால் இரண்டு கணக்கும் வேறு வேறு ட்ரேடுகளை எடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் ஒப்பிடுவது எக்ஸிட்களை அல்ல, இரண்டு வெவ்வேறு என்ட்ரி பட்டியல்களை. தொடக்கத் தேதியை ஒரு வாரம் நகர்த்தினாலே விடை மாறிவிடும்.

இதற்குத் தீர்வு எளிது. முதல் கட்டத்தில் கணக்கு, பணம், பொசிஷன் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். என்ட்ரி பட்டியலை ஒரே முறை உருவாக்கி ஒரு கோப்பில் உறைய வைத்துவிடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு எக்ஸிட்களையும் தனித்தனியாக ஓட்டுங்கள். பழைய ட்ரேடு முடிந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டாம். வரிக்கு வரி ட்ரெய்லிங் லாபத்திலிருந்து டார்கெட் லாபத்தைக் கழித்து ஒரு புது நிரல் போடுங்கள். நாம் படிக்க வேண்டியது அந்த ஒற்றை நிரலைத்தான். பணத்தைச் சுழற்றும் கணக்கு இரண்டாம் கட்டம், அதைத் தனியாகப் பாருங்கள்.

ஓட்டும் புரோகிராம் சின்னதுதான். சிக்னல் வந்த மறுநாள் ஓப்பனில் வாங்குவதாக வைத்து:

```python
def trail(o, h, l, i, d):
    top = o[i]
    for k in range(i, len(o)):
        stop = top * (1 - d)
        if o[k] <= stop: return k, o[k]
        if l[k] <= stop: return k, stop
        top = max(top, h[k])
    return None

def target(o, h, l, i, s, t):
    stop, goal = o[i] * (1 - s), o[i] * (1 + t)
    for k in range(i, len(o)):
        if o[k] <= stop or o[k] >= goal: return k, o[k]
        if l[k] <= stop: return k, stop
        if h[k] >= goal: return k, goal
    return None
```

இதில் வரிகளின் வரிசைதான் உயிர். `trail`-இல் அன்றைய உச்சத்தை `top`-இல் சேர்ப்பது கடைசி வரி. அதை மேலே கொண்டுபோனால், அன்றைய உச்சம் முதலில் வந்தது, தாழ்வு பிறகு வந்தது என்று நீங்களே முடிவு செய்தது போல ஆகிவிடும். காலையில் 100-இல் இறங்கி மாலையில் 106-இல் முடிந்த நல்ல நாளில்கூட, 106-க்கு 5% கீழே 100.70 என்று கணக்குப் போட்டு உங்களை வெளியே தள்ளிவிடும். தினசரி டேட்டாவில் எது முதலில் வந்தது என்று தெரியாது. மேலே உள்ள வரிசை, சந்தை முடிந்தபின் மாலையில் ஸ்டாப்பை மாற்றி வைக்கும் ஒருவர் உண்மையில் செய்வதை அப்படியே பின்பற்றுகிறது. நாள் முழுக்கத் திரையைப் பார்த்து ஸ்டாப்பை நகர்த்துபவர் என்றால் ஒரு நிமிட டேட்டா வேண்டும், வேறு வழியில்லை.

`target`-இல் ஒரே நாளில் ஸ்டாப்பும் டார்கெட்டும் இரண்டும் தொடப்பட்டால் ஸ்டாப்தான் முதலில் என்று எடுத்திருக்கிறேன். அது பாதுகாப்பான ஊகம். அத்தகைய நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். 5-க்கு 10 என்ற அகலத்தில் அபூர்வமாகத்தான் வரும். 1-க்கு 2 என்று குறுக்கினால் அவை கூடிப்போய், உங்கள் ரிசல்ட் முழுவதும் இந்த ஊகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அப்போது தினசரி டேட்டாவில் சோதிப்பதையே விட்டுவிடலாம்.

ஓப்பன் விலையை முதலில் பார்ப்பது கேப்புக்காக. ஸ்டாப் 95 என்று வைத்துவிட்டு மறுநாள் 88-இல் திறந்தால் உங்களுக்குக் கிடைப்பது 88தான். யெஸ் பேங்க் 2020 மார்ச் 6 அன்று ஒரே நாளில் பாதிக்கு மேல் விழுந்தது. 5% ஸ்டாப் வைத்தவருக்கு 5%-இல் விற்க வழியே இல்லை. டார்கெட் பக்கம் கேப் வந்தால் லாபம், ஸ்டாப் பக்கம் வந்தால் நஷ்டம், ஆனால் ட்ரெய்லிங்கில் லாபப் பக்கம் என்ற ஒன்றே கிடையாது. அது எப்போதும் இறங்கும்போதுதான் விற்கிறது. டார்கெட் லிமிட் ஆர்டராக நின்று கேட்ட விலையைப் பெறும். ஸ்டாப் இறங்கும் கூட்டத்தோடு சேர்ந்து விற்கும். கேட்ட விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசமான ஸ்லிப்பேஜை இரண்டுக்கும் ஒரே அளவாகப் போட்டால் ட்ரெய்லிங்குக்குச் சலுகை கொடுத்தது போல ஆகும்.

`None` என்று வரும் ட்ரேடுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டேட்டா முடியும் நாளில் இன்னும் திறந்திருக்கும் ட்ரெய்லிங் ட்ரேடுகளில் நல்லா ஓடிக்கொண்டிருப்பவை இருக்கும். கடைசி குளோஸ் விலையில் மதிப்பிட்டுச் சேர்த்துவிடுங்கள். போனஸ், ஸ்ப்ளிட் சரி செய்த டேட்டாதானா என்பதையும் பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்த நாளில் சரி செய்யாத விலை பாதியாகத் தெரியும், ட்ரெய்லிங் ஸ்டாப் தவறாக அடிக்கும்.

இன்னொரு சாய்வும் உண்டு. இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்துப் பத்து வருடம் பின்னால் போய்ச் சோதித்தால், நீண்ட காலம் ஏறி ஏறிப் பட்டியலுக்குள் வந்த பங்குகளைத்தான் சோதிக்கிறீர்கள். நீண்ட ஏற்றத்தைப் பிடிப்பதே ட்ரெய்லிங்கின் வேலை என்பதால் இந்தச் சாய்வு இரண்டு எக்ஸிட்களையும் சமமாகத் தூக்காது, ட்ரெய்லிங்கை அதிகம் தூக்கும். முன்பு சொன்ன யெஸ் பேங்க் 2020 மார்ச் வரை நிஃப்டியில் இருந்தது. இன்றைய பட்டியலை வைத்து ஓட்டுபவர் கண்ணுக்கு அது தெரியாது. அந்தந்த வருடத்துப் பட்டியல் கிடைக்கவில்லையென்றால் குறியீட்டையே சோதிப்பது மேல்.

இப்போது உங்களிடம் அந்தக் கழித்தல் நிரல் இருக்கிறது. அதன் சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். நிரலை வரிசைப்படுத்துங்கள். அநேகமாக இப்படி இருக்கும்: பெரும்பாலான வரிகளில் வித்தியாசம் சின்னது. கொஞ்சம் வரிகளில் ட்ரெய்லிங் சில சதவீதம் பின்தங்கியிருக்கும், அதாவது டார்கெட் வரை ஏறிய லாபத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்த ட்ரேடுகள், அல்லது டார்கெட்டுக்குப் போகும் வழியில் ட்ரெய்லிங் உதறித் தள்ளியவை. உச்சியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ட்ரேடுகளில் 20%, 30% என்று ட்ரெய்லிங் முன்னால் நிற்கும். அந்த உச்சி வரிகளில் ஐந்தை எடுத்துவிட்டு மறுபடி சராசரி பாருங்கள். பத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஐந்தை எடுத்ததும் முன்னிலை மறைகிறதென்றால், அந்த ஐந்தையும் ஒன்று விடாமல் பிடிக்கும் ஒருவருக்கு மட்டுமே இந்த முறை லாபம்.

அந்த உச்சி வரிகளின் தேதிகளையும் பாருங்கள். 2020 நவம்பரில் சந்தை முழுவதும் ஏறியபோது ஒரே மாதத்தில் ஏராளமான பங்குகள் பழைய உச்சத்தை உடைத்தன. அவற்றை இருபது வெற்றிகள் என்று எண்ணக் கூடாது, ஒரே வெற்றிதான் இருபது பெயர்களில் வந்திருக்கிறது. மாத வாரியாகச் சேர்த்து, ஒரு மாதத்துக்கு ஒரு சராசரி என்று சுருக்கி, எத்தனை மாதங்களில் ட்ரெய்லிங் முன்னால் என்று எண்ணுங்கள். ஐந்நூறு ட்ரேடு என்று தெரிந்தது அறுபது எழுபது மாதங்களாகச் சுருங்கும். அதுதான் உங்களிடம் உண்மையில் இருக்கும் சாட்சியின் அளவு.

இனி முக்கியமான சோதனைக்கு வருகிறேன். கேள்வியை நேராகத் தீர்ப்பது இதுதான். டார்கெட்டும் ட்ரெய்லிங்கும் ஒன்றிலிருந்து ஒன்று பெரிதாகப் பிரியும் இடம் எது? விலை 10% ஏறிய அந்த இடம். டார்கெட் வைத்தவர் அங்கே விற்கிறார், ட்ரெய்லிங் வைத்தவர் அங்கே நிற்கிறார். அப்படியென்றால் அந்த இடத்தையே ஒரு புது என்ட்ரியாக எடுத்துச் சோதிக்கலாம். உங்கள் சிக்னல்களில் 10% டார்கெட் தொட்டவற்றை மட்டும் பிரித்தெடுங்கள். தொட்ட நாளுக்கு மறுநாள் ஓப்பனில் அதே பங்கை வாங்கியதாக வைத்து 5% ட்ரெய்லிங்கை ஓட்டுங்கள். நாளொன்றுக்கு என்ன வருகிறது என்று பார்த்து, கண்டபடி தேதிகளில் வருவதோடு ஒப்பிடுங்கள்.

அங்கே வாங்குவது கண்டபடி தேதியைவிடத் தெளிவாக நல்லது என்றால், உங்கள் டார்கெட் ஓடும் குதிரையிலிருந்து இறங்கச் சொல்கிறது, எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒன்று என்றால், 10%-இல் உங்கள் சிக்னலின் பலம் தீர்ந்துவிட்டது. அங்கே விற்று அடுத்த சிக்னலுக்குப் பணத்தை மாற்றுவதே சரி. கண்டபடி தேதியைவிட மோசம் என்றால் டார்கெட்டை இன்னும் பக்கத்தில் கொண்டுவர இடமிருக்கிறது. இதையே 5%, 15%, 20% என்ற இடங்களிலும் செய்யுங்கள். எந்த இடம் வரை பலம் இருக்கிறது என்று படம் போலத் தெரிந்துவிடும். பலம் ஒரு இடத்தில் திடீரென்று மறைந்து அடுத்த இடத்தில் மறுபடி வந்தால் அது சத்தம் மட்டுமே, நம்ப வேண்டாம். படிப்படியாகக் குறைய வேண்டும்.

இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்தது, அது எக்ஸிட் பற்றிய கேள்வியை என்ட்ரி பற்றிய கேள்வியாக மாற்றிவிடுகிறது. "இப்போது கையில் பணம் மட்டும் இருந்தால், இந்த விலையில் இதை வாங்குவேனா?" என்பதை ஊகத்தில் கேட்காமல் டேட்டாவில் கேட்கிறோம்.

உச்சம் உடையும்போது வாங்கும் முறை பொதுவாக எந்தப் பக்கம் சாயும் என்றால், ட்ரெய்லிங் பக்கம்தான். 1983-இல் ரிச்சர்ட் டென்னிஸும் வில்லியம் எக்கார்ட்டும் சிகாகோவில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த டர்ட்டில் முறையும் இந்த வகைதான். 20 நாள் அல்லது 55 நாள் உச்சத்தில் வாங்கி, டார்கெட்டே இல்லாமல், 10 நாள் அல்லது 20 நாள் தாழ்வு உடைந்தால் விற்பது. அதில் பெரும்பாலான ட்ரேடுகள் நஷ்டம், சில பெரிய ஏற்றங்கள் எல்லாவற்றையும் ஈடுகட்டும். ஆனால் அவர்கள் ஒரே நேரத்தில் கச்சா எண்ணெய், பாண்டு, கரன்சி, தங்கம் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல சந்தைகளில் இருந்தார்கள். எங்காவது ஒன்று ஓடும். இருபது இந்தியப் பங்குகள் அப்படிப்பட்ட பரவல் அல்ல, 2015 போன்ற வருடத்தில் இருபதும் சேர்ந்தே திரும்பும். உச்சம் உடைவதை விட்டு, விழுந்த பங்கு மீளும்போது வாங்கும் முறையாக இருந்தால் நான் டார்கெட் பக்கம்தான் முதலில் பார்ப்பேன். அங்கே சராசரிக்குத் திரும்புவதே லாபம், திரும்பிய பிறகு காத்திருக்கக் காரணமில்லை.

ட்ரெய்லிங் தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாப் பங்குக்கும் ஒரே 5% என்பது சரியல்ல. தினம் 1% அசையும் குறியீட்டில் 5% ட்ரெய்லிங் 25 நாள் நீடிக்கும் என்றோம். தினம் 2.5% அசையும் மிட்கேப்பில் அதே 5% நான்கே நாளில் அடித்துவிடும், அது ட்ரெய்லிங்கே அல்ல. வெல்ஸ் வைல்டர் 1978-இல் அறிமுகப்படுத்திய ஏ.டி.ஆர் என்ற சராசரி அசைவை எடுத்து, உச்சத்திலிருந்து அதில் மூன்று மடங்கு என்று வைப்பது வழக்கம். டார்கெட்டையும் அதே அளவுகோலில் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் ஒப்பீடு கெட்டுவிடும். தூரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதிக லாபம் காட்டிய ஒரு புள்ளியை எடுக்காமல், 2.5, 3, 3.5 என்று பக்கத்து மதிப்புகளிலும் ஏறத்தாழ அதே விடை வரும் இடத்தை எடுங்கள். 4.5%-க்கும் 5%-க்கும் இடையில் டிசம்பர் 21 என்ன செய்தது என்று பார்த்தோமே.

செலவையும் கடைசியில் சேர்த்துவிடுங்கள். டெலிவரியில் வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1% எஸ்.டி.டி, வாங்கும்போது 0.015% முத்திரைத் தீர்வை. ட்ரேடுக்குக் கால் சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 25 நாளுக்கு ஒருமுறை சுழலும் எக்ஸிட் ஆண்டுக்குப் பத்து தடவை, அதாவது 2.5% கட்டும். 100 நாள் எக்ஸிட் 0.6% கட்டும். வரியிலும் வித்தியாசம் உண்டு. 2024 ஜூலை 23 முதல் பங்குகளில் குறுகிய கால லாபத்துக்கு 20%, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் ஆண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5%. 2020 நவம்பரில் வாங்கிய 10% ட்ரெய்லிங் பதின்மூன்று மாதம் ஓடியது, இன்றைய விதிப்படி பார்த்தால் நீண்ட கால லாபம். ஆனால் அப்படி நீளும் ட்ரேடுகள் மிகக் குறைவு, அதை நம்பித் தேர்வு செய்ய வேண்டாம்.

பாதியை டார்கெட்டில் விற்று மீதியை ட்ரெய்லிங்கில் விடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அதற்குத் தனிப் பேக்டெஸ்ட் வேண்டாம். முழு டார்கெட் லாபத்தையும் முழு ட்ரெய்லிங் லாபத்தையும் வரிக்கு வரி கூட்டி இரண்டால் வகுத்தால் அதுதான் விடை. சராசரி சரியாக நடுவில் வரும், ஒருபோதும் இரண்டையும் மிஞ்சாது. ஏற்ற இறக்கம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் ஆதாயம். மேலே சொன்ன புது என்ட்ரிச் சோதனையில் 10%-க்குப் பிறகும் பலம் இருக்கிறது என்று தெரிந்தால் பாதி விற்பது பாதிப் பலத்தை விடுவது. பலம் இல்லையென்று தெரிந்தால் பாதி வைத்திருப்பது வீண். சோதனை எந்தப் பக்கமும் தெளிவாகச் சொல்லாதபோதுதான், அதாவது மாதக் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட சரிபாதியாக வரும்போது, பாதிப் பாதி நியாயமான தேர்வு. உங்கள் பட்டியலை முதலில் 10% இடத்தில் ஓட்டிவிட்டு எண்களோடு வாருங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.